தமிழ்ப் புனைகதையில் வட்டாரப் பேச்சு: உரையாடல் எழுதும் முறையின் வரலாறு

தமிழ்ச் சிறுகதைகளிலும் நாவல்களிலும் கதைமாந்தர் தத்தம் ஊர், வயது, சமூக நிலை ஆகியவற்றுக்கு ஏற்பப் பேசுவது இன்று இயல்பாகிவிட்டது. ஆனால் இந்த வழக்கம் நிலைபெற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. நெல்லைப் பாட்டி நெல்லைப் பேச்சிலேயே பேச வேண்டும். அதே வேளையில் வேலூரில் இருப்பவருக்கும் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் அவள் சொல்வது புரிய வேண்டும். இவ்விரண்டையும் எழுத்தாளர்கள் எவ்வாறு இணைத்தார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. காதில் விழும் ஒலி முழுவதையும் எழுத்தில் வடிப்பதால் இந்த இணைப்பு நிகழவில்லை. பொருள் கெடாத இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கு மட்டும் வட்டார அடையாளத்தை வைத்ததால்தான் அது கைகூடியது.

பின்னணி

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி தமிழில் பழமையானது. தொல்காப்பியம் வழக்கு, செய்யுள் என இரண்டைப் பிரித்துக் காட்டுகிறது. செந்தமிழ் நிலத்தைச் சார்ந்த பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்களைத் திசைச்சொல் என்று பெயரிட்டு, அவற்றுக்கும் செய்யுளில் இடம் தருகிறது. ஆனால் இந்த இடம் தனிச் சொற்களுக்கு மட்டுமே உரியது. ஒருவர் பேசும் முழுத் தொடரை அவர் பேசுவதுபோலவே எழுதும் தேவை உரைநடைக் கதை தோன்றிய பிறகே எழுந்தது.

எழுதும்போது ஒரு வடிவத்தையும் பேசும்போது வேறொரு வடிவத்தையும் கையாளும் நிலையை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். எவ்வளவு படித்தவரானாலும் தமிழர் எவரும் வீட்டில் "நான் போகிறேன்" என்று சொல்வதில்லை. "போறேன்" என்றே சொல்வர். எழுத்துத் தமிழைத் தாய்மொழிப் பேச்சாகக் கொண்ட வட்டாரமோ சாதியோ வகுப்போ இல்லை. உரையாடல் எழுதும் முறையைப் புரிந்துகொள்வதற்கு இந்த உண்மையே அடிப்படை.

தொடக்கக் கால நாவல்கள்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் "பிரதாப முதலியார் சரித்திரம்" 1879இல் வெளிவந்தது. அதன் மாந்தர் பெரும்பாலும் எழுத்துத் தமிழிலேயே பேசுகின்றனர். எசமானும் வேலையாளும் ஏறக்குறைய ஒரே நடையில் பேசுவதால், யார் பேசுகிறார் என்பதை ஆசிரியர் சொல்லித்தான் வாசகர் அறிய முடிகிறது.

பி. ஆர். ராஜம் ஐயரின் "கமலாம்பாள் சரித்திரம்" 1893 முதல் "விவேக சிந்தாமணி" இதழில் தொடராக வந்தது. மதுரைப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் பிராமணக் குடும்பத்தைப் பற்றிய இந்நாவலில் பேச்சு வழக்கு உரையாடலுக்குள் வந்துவிட்டது. கதையை ஆசிரியர் ஒரு நடையில் சொல்ல, மாந்தர் தங்கள் நடையில் பேசும் பிரிவினை இங்குத் தெளிவாகத் தெரிகிறது. பின்வந்த பெரும்பாலான எழுத்தாளர்கள் இந்தப் பிரிவினையைப் பின்பற்றினர். வட்டாரச் சொல் ஒன்று உரையாடலில் புரியாமல் போனாலும், அடுத்து வரும் ஆசிரியர் கூற்று வாசகரைக் கதையோடு மீண்டும் சேர்த்துவிடும் என்பது இதன் பயன்.

வட்டாரம் நுழைதல்

1930களில் புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைத் தம் சிறுகதைகளில் நிலைபெறச் செய்தார். 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் "நாகம்மாள்" வெளிவந்தது. கணவனை இழந்த ஓர் உழவர் குடும்பத்துப் பெண் நிலத்தில் பங்கு கேட்பதைச் சொல்லும் இந்நாவல் கொங்கு நாட்டுப் பேச்சில் உரையாடலை அமைத்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று திறனாய்வாளர் பலர் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

அதே காலத்தில் இலங்கையில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சில் நாடகங்களை எழுதினார். அவருடைய "நானாடகம்" 1940இல் நூலாயிற்று. மொழியியல் பயின்றவராதலால், எந்த ஒலியை எந்த எழுத்தால் குறிப்பது என்பதில் அவர் கருத்தாக இருந்தார்.

1960களில் ஜெயகாந்தன் சென்னைச் சேரிப் பேச்சை "உன்னைப்போல் ஒருவன்" போன்ற படைப்புகளில் கையாண்டார். நீல. பத்மநாபனின் "தலைமுறைகள்" (1968) குமரி மாவட்டப் பேச்சையும், கி. ராஜநாராயணனின் "கோபல்ல கிராமம்" (1976) கரிசல் பேச்சையும், தோப்பில் முஹம்மது மீரானின் "ஒரு கடலோர கிராமத்தின் கதை" (1988) தென்கடலோர முஸ்லிம்களின் பேச்சையும் பரந்த வாசகரிடம் கொண்டு சேர்த்தன.

யாருடைய பேச்சை அச்சிடலாம்?

இந்த வளர்ச்சி எதிர்ப்பின்றி நிகழவில்லை. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டம் இதற்குச் சான்று. பேச்சு மொழியைக் கதையில் எழுதுவது மொழியைக் கெடுக்கும் என்று மரபுசார்ந்த பண்டிதர்கள் வாதிட்டனர். புதிய எழுத்தாளர்கள் கையாண்ட நடையை "இழிசனர் வழக்கு" என்றும் குறிப்பிட்டனர். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோரும் முற்போக்கு எழுத்தாளர்களும் இதற்கு மறுமொழி கூறினர். மக்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய பேச்சை விலக்கினால் அவர்களையே விலக்கியதாகும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பின்னர் கே. டானியலின் "பஞ்சமர்" (1972) யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை நாவலின் நடுவில் வைத்தது.

இந்த விவாதத்தால் ஒரு நுட்பமான அநீதியும் கண்ணுக்குப் புலப்பட்டது. பழைய கதைகள் சிலவற்றில் ஆசிரியரும் மேல்நிலை மாந்தரும் "போகிறேன்" என்பர். வேலையாள் மட்டும் "போறேனுங்க" என்பார். உண்மையில் இருவருமே "போறேன்" என்றுதான் பேசுகின்றனர். ஒருவருடைய பேச்சைத் திருத்தியும் மற்றவருடைய பேச்சைத் திருத்தாமலும் எழுதும்போது, இயல்பான பேச்சு ஏழையின் குறைபோலத் தோன்றிவிடுகிறது. எல்லோரையும் பேச்சு வழக்கிலேயே பேசவிட்டு, வேறுபாட்டைப் பிற இடங்களில் காட்டுவதே பின்னாளில் நேர்மையான முறையாக நிலைபெற்றது.

எழுத்து தரும் சிக்கல்

கேட்கும்போது தெளிவாக இருக்கும் பேச்சு எழுத்தில் குழம்பக்கூடும். "வந்தா" என்னும் சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேச்சில் சொல்லின் இறுதி மெய் தேய்வதால் "வந்தாள்", "வந்தால்" இரண்டுமே "வந்தா" ஆகின்றன. பிராமணர் பேச்சில் "அவா வந்தா" என்பது "அவர்கள் வந்தார்கள்" என்று பொருள்படும். காதில் விழும்போது குரலின் ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் பொருளைப் பிரித்துக் காட்டும். தாளில் அந்த உதவி இல்லை.

"வந்தான்" என்பதன் இறுதியும் பேச்சில் முழு மெய்யாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகத் தேய்கிறது. அதையும் ஒலிப்படி விட்டுவிட்டால் ஆணும் பெண்ணும் "வந்தா" என்றே ஆகிவிடுவர். ஆகவே எழுத்தாளர்கள் "அவன் வந்தான்" என்பதில் ன்-ஐ வைத்துக்கொண்டு, "அவ வந்தா" என்பதில் ள்-ஐ மட்டும் விட்டனர். இது ஒலிக்கு முழு உண்மையானதன்று. ஆனால் வாசகருக்கு உதவுவது.

ழகரத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. தென்மாவட்டங்களில் "பழம்" என்பதைப் "பளம்" என்பர். பழைய சென்னைப் பேச்சில் அது "பயம்" ஆகும். "பயம்" என்று தனியாக எழுதினால் அச்சம் என்றே எவரும் படிப்பர். "வாயப்பயம்" என்று எழுதினால் ஐயம் எழாது. அதுபோலவே "குடை" பேச்சில் "கொடை" என ஒலிக்கும். நெல்லைப் பகுதியில் கோவில் திருவிழாவுக்கும் கொடை என்று பெயர். எனவே அவ்வூர்க் கதையில் மழைக்குப் பிடிக்கும் பொருளைக் "குடை" என்றே விட்டுவிடுவது நல்லது.

ஒலி மாற்றிய எழுத்து வேறொரு சொல்லாகிவிடுகிறதா என்று பார்ப்பதே இதற்குரிய சோதனை. ஆகிவிட்டால் பொது வடிவத்தை வைத்துக்கொண்டு, வட்டார அடையாளத்தை வேறு இடத்தில் காட்டலாம்.

வினைமுற்றின் ஈறு

அந்த வேறு இடங்களுள் முதன்மையானது வினைச்சொல்லின் இறுதி. "எங்கே போகிறீர்கள்?" என்ற வினா பின்வருமாறு மாறுகிறது:

* பொதுப் பேச்சு: எங்க போறீங்க?
* மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை: எங்க போறீக?
* திருநெல்வேலி, தூத்துக்குடி: எங்க போறிய?
* பிராமணர் பேச்சு: எங்க போறேள்?
* யாழ்ப்பாணம்: எங்கை போறியள்?

ஐந்து தொடர்களிலும் "போற" என்னும் பகுதி ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. பொருள் அங்கே இருப்பதால் எந்த ஊர் வாசகரும் தடுமாறுவதில்லை. மாறுவது ஈறு மட்டுமே. ஊரையும் சமூகத்தையும் சொல்வது அந்த ஈறுதான். படர்க்கையிலும் இவ்வாறே "வந்தாங்க", "வந்தாக", "வந்தாவ" என ஈறுகள் வேறுபடும். கொங்குப் பேச்சில் மரியாதை தன்மை வினையிலும் ஒட்டிக்கொண்டு "போறனுங்க", "வந்தனுங்க" என வரும். ஈற்றைச் சரியாக எழுதிவிட்டால், பக்கம் முழுவதும் அரிய சொற்களை நிரப்ப வேண்டிய தேவை இல்லை.

முற்றிலும் அறியாத சொல்லைவிட, அறிந்ததுபோல் தோன்றும் சொல்லே வாசகரை அதிகம் ஏமாற்றும். யாழ்ப்பாணத்தில் "அவர் நேற்று வந்தவர்" என்றால் "அவர் நேற்று வந்தார்" என்று பொருள். தமிழ்நாட்டு வாசகர் அதனை "வந்த மனிதர்" என்று எடுத்துக்கொண்டு, தொடரின் மீதியைத் தேடுவார். "அவர் நேற்று வந்தவர், என்னோடை கதைச்சவர்" என அதே அமைப்பு இரண்டு முறை வந்தால், அது அவ்வூர் வினைமுற்று என்பதை அவரே கண்டுகொள்வார். புதிய அமைப்பை முதன்முறை எளிய சூழலில் காட்டி, பிறகு தாராளமாகக் கையாளும் வழி இது.

வயது

வயதைக் காட்ட ஒலியைச் சிதைக்கத் தேவையில்லை. முதியவர்களின் கணக்கும் முறைப்பெயர்களுமே அதைச் செய்துவிடும். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு பைசாவாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணா போன பின்னும் 25 பைசாவை "நாலணா" என்றும் 50 பைசாவை "எட்டணா" என்றும் சொல்வது பல்லாண்டுகள் நீடித்தது. 25 பைசா நாணயம் 2011இல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆகவே இன்றைய கதையில் ஒரு பாட்டி, "நாலணாவுக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கினேன்" என்றால், அவர் எந்தக் காலத்தைப் பேசுகிறார் என்பது விளங்கும். பேத்தி அதே வாயால் "நாலணா" என்றால் பொருந்தாது. வீசை, படி, மரக்கால் ஆகிய அளவைப் பெயர்களும் இத்தகையவை.

முறைப்பெயர்கள் வயதையும் ஊரையும் ஒருசேரக் காட்டும். அதனாலேயே குழப்பவும் செய்யும். "அப்பச்சி" என்பது நகரத்தார் வீட்டில் தந்தையைக் குறிக்கும். கொங்குப் பகுதியிலோ "அப்புச்சி", "அப்பச்சி" என்பவை தாயின் தந்தையைக் குறிக்கும். இதற்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. "அம்மாவைப் பெத்த அப்புச்சி" என்று ஒரு பாத்திரம் ஒருமுறை சொன்னால் போதும். கதை முழுவதும் உறவு தெளிவாகிவிடும்.

சமூக நிலை

சமூக நிலையைக் காட்டும் வலுவான கருவி விளிச்சொல். பின்வரும் சிறு உரையாடலில் ஒருவர் அறுபது வயதுப் பண்ணையாள். மற்றவன் நிலக்கிழாரின் பத்து வயது மகன்.

"சின்னய்யா, வெயில்ல நிக்காதீங்க. இப்படி வந்து உக்காருங்க."

"நீ போயி வண்டியக் கொண்டா."

இதில் எந்தச் சொல்லும் கொச்சையாக்கப்படவில்லை. இருவரும் ஒரே பேச்சுத் தமிழில்தான் பேசுகின்றனர். ஆனால் முதியவர் சிறுவனை "நீங்க" என்பதும், சிறுவன் அவரை "நீ" என்பதும் அவ்வூரின் அடுக்கை முழுமையாகக் காட்டிவிடுகின்றன. ஒலியைச் சிதைத்து எழுதியிருந்தால் வாசகர் முதியவரின் பேச்சைக் கண்டு சிரித்திருப்பார். இங்கோ அவர் நடத்தப்படும் முறையைக் கவனிக்கிறார். யாழ்ப்பாணப் பேச்சில் "நீ", "நீர்", "நீங்கள்" என மூன்று படிகள் இருப்பதால், ஒரு பாத்திரம் "நீர்" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு இறங்குவதே ஒரு சண்டையின் தொடக்கமாகிவிடும்.

ஒரு தொடரைத் திருத்துதல்

இம்முறைகள் சேர்ந்து செயல்படுவதைக் கரிசல் பகுதிப் பாட்டி ஒருத்தியின் கூற்றில் காணலாம். மருமகள் தண்ணீர்ப் பானையோடு வரவிருக்கிறாள். பானையை மெதுவாக வைக்கச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தபடி எழுதினால் இவ்வாறு அமையும்:

"அவ வந்தா பைய வெக்கச் சொல்லு."

தென்மாவட்டங்களில் "பைய" என்றால் மெதுவாக என்று பொருள். பழைய இலக்கியத்திலும் உள்ள இச்சொல் வட மாவட்டப் பேச்சில் அவ்வளவாக வழங்குவதில்லை. எனவே சென்னை வாசகர் இதனைப் "பையை வைக்கச் சொல்லு" என்றே படிப்பார். "வந்தா" என்பதும் நடந்ததைச் சொல்கிறதா, நிபந்தனையா என்ற ஐயம் எழும். "வெக்க" என்பது வெட்கத்தையும் நினைவூட்டும். திருத்திய வடிவம் வருமாறு:

"அவ வந்ததும் பானையப் பைய இறக்கி வைக்கச் சொல்லு. வேகமா வச்சா ஒடைஞ்சிரும்."

"வந்ததும்" என்பதால் முதல் ஐயம் நீங்கியது. பானை பெயரோடு வந்துவிட்டதால் பை என்னும் எண்ணம் எழுவதில்லை. "வேகமா வச்சா" என்ற எதிர்ச்சொல் "பைய" என்பதன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. "வைக்க" பொது வடிவிலேயே நின்றது. "பைய", "ஒடைஞ்சிரும்" ஆகிய இரண்டும் பாட்டியின் ஊரைக் காட்டப் போதுமானவை. பொருள் சொல்லும் வேலையை அடைப்புக்குறி செய்யவில்லை, பாட்டியே செய்கிறாள்.

சொல்லகராதிகள்

ஈறும் விளிச்சொல்லும் போதாத இடங்களும் உண்டு. உழவுக் கருவி, மீன்வகை, சடங்கு போன்றவற்றின் பெயர்களுக்குப் பொதுத் தமிழில் மாற்றுச் சொல் இல்லாதிருக்கலாம். இதற்காகச் சில நூல்கள் இறுதியில் அருஞ்சொற்பொருள் பட்டியலைச் சேர்த்தன. எழுத்தாளர்கள் சிலர் அகராதிகளையே தொகுத்தனர். கி. ராஜநாராயணனின் "கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி" 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் "கொங்கு வட்டாரச் சொல்லகராதி" 2000இலும், கண்மணி குணசேகரனின் "நடுநாட்டுச் சொல்லகராதி" 2007இலும் வெளிவந்தன. கதைக்குத் துணையாகத் தொடங்கிய இம்முயற்சியால் பொது அகராதிகளில் இடம்பெறாத பல சொற்கள் பதிவாயின.

வரம்புகள்

மேலே காட்டிய ஈறுகளை மாவட்ட எல்லையோடு ஒட்டிப் பார்ப்பது தவறு. ஒரே நெல்லை ஊரில் "போறிய" என்பவரும், ஒத்த வயது ஆண்களிடம் "போறீரு" என்பவரும், விடுதிப் படிப்புக்குப் பின் "போறீங்க" என்பவரும் இருப்பர். ஒருவரே ஊருக்குள் ஒன்றையும் அலுவலகத்தில் மற்றொன்றையும் பேசுவார். வட்டார அடையாளங்களை எல்லா வாயிலும் சம அளவில் திணித்த உரையாடல் செயற்கையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். பாத்திரங்களின் பெயர்களை மறைத்துவிட்டுப் பேச்சை மட்டும் படிக்கும்போது பாட்டியும் பேத்தியும் வேறுபட்டுத் தெரிந்தால், அடையாளங்கள் அளவோடு அமைந்துள்ளன என்று கொள்ளலாம். அந்த ஊரை அறியாத ஒருவர் அதே பகுதியை உரக்கப் படிக்கும்போது எங்கே நின்று திரும்பப் படிக்கிறாரோ, திருத்தம் வேண்டிய இடம் அதுவே.